விற்பனைச் சோதனைக்கு ஸ்கிரிப்ட்: போட்ட உழைப்பு எப்போது திரும்பும், எங்கே வீணாகும்?

எஸ்ஏபியில் விற்பனை நடப்பது மூன்று படிகளில்: VA01-ல் ஆர்டர், VL01N-ல் டெலிவரி, VF01-ல் பில்லிங். சிஸ்டத்தில் எந்த மாற்றம் போனாலும் இந்த மூன்றையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் ‘ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்’ என்ற முடிவு சுலபமாக வந்துவிடுகிறது. கணக்குப் போடாமல் அந்த முடிவுக்கு வருவதுதான் முதல் தவறு.

கையால் ஒருமுறை சோதிக்க 40 நிமிடம், எஸ்ஏபியின் சோதனைக் கருவியான SECATT-ல் ஸ்கிரிப்ட் எழுத 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முடிவைப் பார்க்க, பழுது நீக்க, சராசரியாக 20 நிமிடம் போகும். பலரும் கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான். ஆக, மிச்சமாவது 20 நிமிடம். எழுதிய நேரம் திரும்ப 72 முறை ஓட வேண்டும். மாதம் ஒருமுறை சோதிப்பவர்களுக்கு அது ஆறு வருடம்; அதற்குள் திரையே மாறியிருக்கும்.

அதே ஸ்கிரிப்டுக்கு உள்நாட்டு விற்பனை, ஏற்றுமதி, தள்ளுபடி விலை என்று ஆறு வகைத் தரவு கொடுத்துப் பாருங்கள். கையால் செய்தால் 240 நிமிடம். எழுதும் நேரம் 32 மணியாகவும், பார்வையும் பராமரிப்பும் 40 நிமிடமாகவும் கூடினாலும் ஒவ்வொரு முறையும் 200 நிமிடம் மிச்சம். பத்தாவது ஓட்டத்தில் போட்ட நேரம் திரும்பிவிடும். ஒரே வழியை அபூர்வமாகச் சோதிப்பதென்றால் கையாலேயே செய்யலாம் என்பது என் கருத்து.

அடுத்த தவறு, பதிவு செய்த தரவை அப்படியே விட்டுவிடுவது. ஒவ்வொரு ஓட்டமும் சரக்கை வெளியே அனுப்புவதால் ஒருநாள் இருப்பு தீரும், டெலிவரி நிற்கும். சோதனை சிஸ்டத்தில் யாரும் MMPV ஓட்டாவிட்டால் காலக்கணக்கு பின்தங்கி, சரக்குப் பதிவும் மறுக்கப்படும். இரண்டுமே நிரலின் பிழை இல்லை. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிகிறது. நாளடைவில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே MIGO-வில் 561 வகைப் பதிவால் இருப்பை ஏற்றுங்கள். ஆர்டர் எண்ணை VA01-இலிருந்து எடுத்து VL01N-க்கு மாறியாகக் கொடுங்கள்.

இவற்றைவிட ஆபத்தானது, தவறான பச்சை. VF01 முடிந்ததும் வரும் செய்தியில் `saved` இருக்கிறதா என்று மட்டும் பல ஸ்கிரிப்டுகள் பார்க்கின்றன. கணக்குத் தலைப்பு அமைப்பில் குறை இருந்தால் பில் சேமிக்கப்படும். ஆனால் அதே வரியில் `no accounting document generated` என்றும் வரும். பில் இருக்கிறது, நிதிக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. சோதனையோ வெற்றி என்கிறது.

ஆகவே திரைச் செய்தியோடு நிற்காமல் BKPF அட்டவணையில் AWTYP `VBRK`, AWKEY முன்னால் பூஜ்யம் சேர்த்துப் பத்து இலக்கமாக்கிய பில் எண் என்று தேடி, கணக்கு ஆவணம் உருவானதா என்று ஸ்கிரிப்டே பார்க்கட்டும். வாடிக்கையாளர் கணக்கில் ஏறிய தொகையையும் ஒப்பிடட்டும். ஒப்பிட வேண்டிய தொகையை நீங்கள் முன்கூட்டியே கையால் கணக்கிட்டுத் தரவுக் கோப்பில் எழுதிவையுங்கள். பில்லில் வந்த தொகையையே எடுத்து ஒப்பிட்டால், விலை நிர்ணயத்தில் வந்த பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே தெரியும்.