வாசிப்பு வட்டத்துக்கு ஆண்டு அட்டவணை: யார் வீட்டில் கூடுவது என்ற முறை தவறாமல் இருக்க

எங்கள் வட்டத்தில் ஏழு பேர். மாதம் ஒரு புத்தகம், இரண்டாவது ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடுவோம். முதலில் வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு முடிவு செய்தோம். மறுக்கத் தெரியாதவர்கள் வீட்டிலேயே திரும்பத் திரும்பக் கூட நேர்ந்தது. அப்புறம்தான் கூகுள் ஷீட்ஸுக்கு மாறினோம். எல்லோரும் ஃபோனிலேயே பார்க்கலாம் என்பதால் எனக்கு அதுதான் வசதி.

H2 முதல் H8 வரை பெயர்களை எழுதுங்கள். A-யில் 1, 2, 3 என வரிசை எண். B-யில் அந்தந்த மாதத்தின் முதல் தேதி. C-யில் இரண்டாவது ஞாயிறு, D-யில் யார் வீடு, E-யில் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர்:

```
C2: =B2+14-WEEKDAY(B2-1)
D2: =INDEX($H$2:$H$8,MOD(A2-1,7)+1)
E2: =INDEX($H$2:$H$8,MOD(A2+2,7)+1)
```

மூன்றையும் கீழே இழுத்துவிடுங்கள். சமையலும் புத்தகத் தேர்வும் ஒரே மாதத்தில் ஒருவர் தலையில் விழாதபடி E மூன்று பெயர் தள்ளி வரும். தேதிகளை மட்டும் பண்டிகைகளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 2026 நவம்பரில் இரண்டாவது ஞாயிறு 8-ஆம் தேதி, அன்றுதான் தீபாவளி. அதை 15-க்குத் தள்ளினோம்.

புத்தாண்டு வந்ததும் A-யை மறுபடி 1-இலிருந்து தொடங்காதீர்கள். 12 மாதத்தை ஏழு பேருக்குப் பிரித்தால் ஐந்து பேருக்கு இரண்டு முறை வரும். ஒவ்வொரு ஜனவரியிலும் 1-க்குத் திரும்பினால், அதே ஐந்து பேர்தான் எல்லா ஆண்டும் இரண்டு முறை நடத்துவார்கள். 13, 14 என்று தொடர்ந்தால் ஏழு ஆண்டுகளில் ஆளுக்குச் சரியாக 12 வரும்.

நான் தடுமாறிய இடம் வேறு. 2025 ஜனவரியில் தொடங்கினோம். 2026 பிப்ரவரி 14-ஆவது கூட்டம், ஏழாமவர் வீட்டில் நடந்தது. மார்ச்சில் எட்டாவதாக ஒருவர் சேர்ந்தார். ஃபார்முலாவில் 7-ஐ 8 ஆக்கினேன். 15-ஆவது கூட்டமும் ஏழாமவர் வீடு என்று வந்தது! நடந்து முடிந்த மாதங்களுக்கு எதிரே இருந்த ஆட்களின் பெயர்களும் மாறிவிட்டன. பாவம், அவர் சரி என்றுகூடச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சரியான வழி இது. முடிந்த வரிசைகளை நகலெடுத்து, அதே இடத்தில் Ctrl+Shift+V அழுத்துங்கள். ஃபார்முலா போய்ப் பெயர் மட்டும் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் சுற்றைப் பழைய ஆட்களோடு முடியுங்கள். அடுத்த சுற்றின் முதல் மாதத்தில் A-யில் 1 போட்டு, அங்கிருந்து H8-ஐ H9 ஆகவும், 7-ஐ 8 ஆகவும் மாற்றுங்கள். புதியவர் கடைசியில் வருவார்.

பின்சேர்க்கை: ஆறு பேர் உள்ள வட்டத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 12 ஆறால் மீதியின்றி வகுபடுவதால், அவர்களுக்கு ஆண்டுதோறும் அதே ஆளுக்கு அதே இரண்டு மாதங்கள். வேளச்சேரிக்காரர் வீட்டுக்கு எப்போதும் மே வெயிலிலும் நவம்பர் மழையிலும்தான் போகிறார்களாம். இரண்டாம் ஆண்டை 13-க்குப் பதில் 14-இல் தொடங்குங்கள், மூன்றாம் ஆண்டை 27-இல். ஆளுக்கு இரண்டு முறை என்ற கணக்கு மாறாது, மாதம் மட்டும் நகரும்.