எந்த ஸ்டாப்பில் இறங்குவீர்கள்?

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தையல் யூனிட்டில், துணி வாங்கும் நிறுவனத்துக்காகத் தொழிலாளர்களின் வேலை நேரம், கூலி பற்றிய தணிக்கை. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கிளை. 90 மெஷின்கள், பெரும்பாலும் பெண்கள். என்னோடு வந்திருந்த புதுத் தம்பி, மேலாளரோடு நடந்த முடிவுக் கூட்டத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "செக்கிங்கில் ஒரு அக்கா சொன்னாங்க..." என்று ஆரம்பித்தான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் வயதில் நானும் இதையே செய்தேன், எனக்கு அன்றைக்குக் காலை மிதிக்க ஆள் இல்லை. அதனால்தான் புதிதாகத் தணிக்கைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். செக்லிஸ்டை மறந்துவிட்டுப் போவது, போட்டோ எடுக்காமல் வருவது போன்றவை இதில் இல்லை. அதெல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

"ஓ.டி. உண்டா?" என்று கேட்பது

இல்லை என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. திருப்பூர் வழக்கம் மலையிலும் அப்படியே ஏறி வந்திருக்கிறது. காலை 8:30 முதல் மாலை 5:30 வரை ஒரு ஷிப்ட், இரவு 8:30 வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். அந்த அரை ஷிப்டை யாரும் ஓ.டி. என்று சொல்வதில்லை. "நேத்து எந்த வண்டியில வீட்டுக்குப் போனீங்க? போகும்போது இருட்டிடுச்சா?" என்று கேளுங்கள். மலையில் கடைசி பஸ் எது, கம்பெனி வேன் எப்போது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். மணிக்கணக்கு தானாக வந்துவிடும்.

கேட்டதை அப்படியே அறிக்கையில் எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன், இதே மலையில் வேறொரு யூனிட். டைம் கார்டுகளில் எல்லாரும் 5:30க்கும் 5:35க்கும் நடுவில் வெளியேறியிருந்தார்கள். மூன்று மாதக் கார்டுகளும் அப்படியே. அவ்வளவு ஒழுங்காக எந்த தொழிற்சாலையும் விடுவதில்லை, ஆனால் சந்தேகத்தை வைத்து அறிக்கை எழுத முடியாது. பத்துப் பேரிடம் தனித்தனியாகப் பேசினேன். ஒன்பது பேர் மழுப்பினார்கள். காஜா மெஷினில் இருந்த ஒரு அம்மா மட்டும் பேசினார். "ஷிப்மென்ட் சமயத்தில 8:30 வேன்தான் மேடம். வேன் திருப்பத்தோட நின்னுடும். அங்கிருந்து லைன் வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடக்கணும். தேயிலைக்குள்ள காட்டெருமை நிக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேர மோசடியைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம். முடிவுக் கூட்டத்தில் அந்தத் திருப்பத்தின் பெயரோடு, காட்டெருமையோடு எல்லாவற்றையும் வாசித்தேன். அவர் பெயரை நான் சொல்லவில்லை, அதனால் ரகசியம் காத்துவிட்டேன் என்று நினைத்தேன். மேலாளரும் சூப்பர்வைசரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் திருப்பத்தில் இறங்குபவர் ஒரே ஒருவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மறுதணிக்கைக்குப் போனபோது காஜா மெஷினில் வேறு பெண் இருந்தார். "அவங்களே நின்னுட்டாங்க" என்றார்கள். திருப்பத்தின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த அம்மாவின் வாக்குமூலம் எனக்குத் தேவையே இல்லை. எல்லாம் என் மேசையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது.

சம்பளப் பதிவேட்டில் 'உற்பத்தி ஊக்கத்தொகை' என்று ஒரு பத்தி. டைலர் ஒருவருக்கு நாள் கூலி 400, ஊக்கத்தொகை 2,400 ரூபாய். செக்கிங்கில் ஒருவருக்குக் கூலி 360, ஊக்கத்தொகை 1,980. பிசிறு வெட்டும் ஹெல்பருக்குக் கூலி 320, ஊக்கத்தொகை 1,600. இதை அரை நாள் கூலியால் வகுத்துப் பாருங்கள். 2,400ஐ 200ஆல் வகுத்தால் 12. 1,980ஐ 180ஆல் வகுத்தால் 11. 1,600ஐ 160ஆல் வகுத்தால் 10. ஒன்றிலும் மீதி இல்லை. உண்மையான ஊக்கத்தொகை பீஸ் கணக்கில் ஏறி இறங்கும், ஒவ்வொருவருடைய அரை நாள் கூலியோடும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தாது. அது 12, 11, 10 அரை ஷிப்டுகளின் கூலி.

கேட்டால், "மூணு மணி நேர வேலைக்கு நாலு மணி நேரக் கூலி தர்றோமே" என்பார்கள். உண்மைதான், ஆனால் போதாது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. புதிய சட்டத் தொகுப்பிலும் அது மாறவில்லை. அந்த டைலருக்கு மணிக்கு 50 ரூபாய், இரட்டிப்பு 100. 12 அரை ஷிப்டுக்கு 36 மணி நேரம், 3,600 ரூபாய். கொடுத்தது 2,400. ஒரு மாதத்தில் ஒருவருக்கே 1,200 குறைகிறது.

கணக்கு சந்தேகத்தை உறுதியாக்கும். நேரத்தை நிரூபிக்க ஊசிப் பதிவேடு இருக்கிறது. துணியில் ஊசித் துண்டு போய்விடக்கூடாது என்பதற்காக, உடைந்த ஒவ்வொரு ஊசியையும் துண்டோடு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண்ணோடு எழுதி வைப்பார்கள். டைம் கார்டைத் திருத்துகிற ஆபீஸுக்கு இந்த நோட்டின் ஞாபகமே வராது. அது தரப் பிரிவின் நோட்டு. கார்டில் 5:32க்கு வெளியே போன மெஷின்காரர் இரவு 7:40க்கு ஊசி உடைத்திருந்தால் அதற்கு மேல் யாரும் பேச வேண்டியதில்லை. வேனின் டிரிப் ஷீட்டும் அதே மாதிரிதான். டீசல் கணக்குக்காக டிரைவர் நேரத்தை ஒழுங்காக எழுதியிருப்பார்.

இன்னொன்று, பேட்டி முடிந்த கையோடு போய் ஊசிப் பதிவேட்டைக் கேட்காதீர்கள். கடைசியாக உள்ளே போய்வந்தவர் யார் என்று வெளியே ஒருவர் கணக்கு வைத்திருப்பார். காலையில் தொடக்கக் கூட்டத்திலேயே மூன்று மாதங்களுக்கான எல்லாப் பதிவேடுகளையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வைத்துவிட வேண்டும். உதாரணம் காட்டும்போது, பேட்டி கொடுக்காத ஆட்களின் பதிவுகளை எடுங்கள்.

காகிதத்தில் எதுவும் சிக்கவில்லை, பேட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால்? அப்போது தொழிற்சாலைக்குக் கொடுக்கும் அறிக்கையில் அது வரவே கூடாது. வாங்கும் நிறுவனத்துக்கு மட்டும் போகும் தனிக் குறிப்பில் எழுதுங்கள். அதிலும் பிரிவு, ஊர், பஸ் ஸ்டாப், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் வேண்டாம்.

பேட்டிக்கு மேலாளர் தரும் பெயர்ப் பட்டியலை நம்புவது

வாங்கி மடித்து வைத்துவிட்டு, தளத்தைச் சுற்றிவரும்போது நீங்களே ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். மழுப்புகிறவரை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டுப் பேசுகிறவரை அரைமணி நேரம் உட்கார வைத்தால், அதுவே காட்டிக்கொடுப்பதுதான். எல்லாருக்கும் ஒரே நேரம். பேச ஒன்றுமில்லை என்றால் மழையைப் பற்றிப் பேசுங்கள்.

வடமாநிலத் தொழிலாளியிடம் பேச சூப்பர்வைசரை மொழிபெயர்க்கச் சொல்வது

கூடாது.

நோட்டில் பெயர் எழுதுவது

எண் போதும். நோட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அன்று கூட்டத்தை அரைமணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, தம்பியை வெளியே கூட்டிவந்தேன். "அப்போ அந்த அக்கா சொன்னது?" என்றான். ஊசிப் பதிவேட்டைக் கொடுத்தேன். மூடுபனி இறங்கி வராந்தாவில் வெளிச்சம் போய்விட்டது, போன் டார்ச்சில் பக்கங்களைப் புரட்டினான். மாலை 6 மணிக்கு மேல் ஏழு பதிவுகள், ஐந்து மெஷின்கள், ஒன்றுகூட செக்கிங் பக்கம் இல்லை. திரும்ப உள்ளே போய், "உங்கள் ஊசிப் பதிவேட்டையும் டைம் கார்டையும் ஒப்பிட்டதில்..." என்று ஆரம்பித்தான். மேலாளர் தரப் பிரிவுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.