சராசரியைக் குறைக்கப் போய் முதலை இழத்தல்

ஹட்டனில் என்னிடம் பங்கு வணிகம் பழகவரும் இளைஞர்களில் பலர் முதல் வருடத்திலேயே நட்டப்படுகிறார்கள். விலையைப் பிழையாக அடிப்பது போன்ற தவறுகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். எங்கள் காலத்தவரும் செய்த ஒரு தவறைத்தான் இன்னமும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இறங்க இறங்க வாங்குவது

சென்ற மாதம் ஒரு தம்பி கைபேசியை நீட்டி, "அண்ணே, 20 ரூபாய்க்கு வாங்கிய பங்கின் சராசரி விலையை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டேன்," என்றார்.

"எப்படி?"

"முதலில் 1,000 பங்கு. 16க்கு இறங்கியதும் இன்னும் 1,000, 12க்கு இறங்கியதும் 2,000 வாங்கினேன்."

"இப்போது விலை என்ன?"

"10 ரூபாய்."

60,000 ரூபாய் போட்டு 4,000 பங்கு வாங்கியிருக்கிறார். இன்றைய பெறுமதி 40,000. கொழும்பு பங்குச் சந்தையில் வாங்கும்போதும் விற்கும்போதும் தரகும் வரியும் சேர்ந்து ஏறத்தாழ 1.12% போவதால், விலை 15 ரூபாய் 34 சதத்தைத் தொட்டால்தான் அவருடைய முதல் மீளும். அதற்குப் பங்கு பாதிக்கு மேல் ஏற வேண்டும். 18 ரூபாயிலேயே முதல் 1,000 பங்கையும் விற்றிருந்தால், செலவோடு சேர்த்து ஏறத்தாழ 2,425 ரூபாயோடு நட்டம் நின்றிருக்கும்.

"சராசரி குறைந்தது நல்லதுதானே, அண்ணே?"

"குறைந்தது உங்கள் சராசரி மட்டும்தான் தம்பி, நட்டப்படும் பங்கில் நீங்கள் போட்ட காசு மூன்று மடங்காகிவிட்டது. 12க்கு வாங்குவதற்கு முன் காலாண்டு அறிக்கையைப் பார்த்தீர்களா?"

அவர் பார்க்கவில்லை. பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய அந்த அறிக்கையில், நிறுவனம் அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் நட்டமடைந்திருந்தது. இவரோ விலைப் பட்டியலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணம் அவருடைய தாயார் தோட்டத்தில் கொழுந்து பறித்துச் சேர்த்த ஈ.பி.எஃப். காசு என்று அறிந்தபோது எனக்குக் கோபமும் வேதனையும் சேர்ந்தே வந்தன.

இறங்கும் பங்கைத் திரும்ப வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மொத்தம் எவ்வளவு போடுவது, எத்தனை தவணையில் போடுவது என்பதை முதலிலேயே தீர்மானித்து, வருமானம் குறையாத நிறுவனத்தில் வாங்குவது வேறு. தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் வாங்குவது வேறு.

கடன் வாங்கி வாங்குவது

வேண்டாம்.

விற்கும் விலையைத் தீர்மானிக்காமல் வாங்குவது

"அப்படியானால் எத்தனை பங்கு வாங்குவது?" என்று அந்தத் தம்பி கேட்டார். 60,000 ரூபாய் முதலீட்டில் ஒரு நிறுவனத்தின் பங்கில் 2%, அதாவது 1,200 ரூபாய் வரை இழக்கலாம் என வைத்துக்கொள்வோம். 20க்கு வாங்கி, 18க்கு இறங்கினால் விற்பது என்று தீர்மானித்தால், பங்கொன்றுக்கு 2 ரூபாய் நட்டம். ஆகவே 600 பங்குகள்தாம். தரகையும் கணக்கில் எடுத்தால் இன்னும் குறையும். கைமாற்றம் குறைந்த பங்குகளில் 18 ரூபாய்க்கு வாங்குவோரே இல்லாமல் போகலாம் என்பதால், ஆர்டர் போடுமுன் அந்த விலையில் எத்தனை பங்குகளுக்குக் கேள்வி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.