ஸ்போக்கன் இங்கிலீஷ் பேட்ச்: கட்டணக் கணக்கு எங்கே பிசகுகிறது?

வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்குபவர்களில் பலர், பிறர் வாங்கும் கட்டணத்தைப் பார்த்து அதைவிடச் சற்றுக் குறைவாக ஒரு தொகையை முதலில் அறிவித்துவிட்டு, அந்தத் தொகை கட்டுப்படியாகும்வரை பேட்ச்சில் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். 1,500 ரூபாய்க்கு 20 பேர் சேர்ந்தால் 30,000 ரூபாய் கிடைக்குமே என்பது அவர்கள் போடும் கணக்கு. பெரும்பாலான பிசகுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இந்தப் பயிற்சிக்கு வருபவர் விலை கொடுத்து வாங்குவது பேசுவதற்கான வாய்ப்பைத்தான். இலக்கண விளக்கம் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. 60 நிமிட வகுப்பில், எல்லோரும் வந்து சேர்வதற்கும் ஆசிரியர் விளக்குவதற்கும் 20 நிமிடம் போனால், மாணவர்கள் பேச 40 நிமிடம் மிஞ்சும். 20 பேர் இருந்தால் ஒருவருக்கு 2 நிமிடம். 30 வகுப்புகள் கொண்ட படிப்பு முழுவதிலும் ஆசிரியர் கேட்கும்படி அவர் பேசியது ஒரே ஒரு மணி நேரம். 8 பேர் என்றால் அதுவே இரண்டரை மணி நேரமாகிறது. இருவர் இருவராகத் தனி அறைகளுக்குப் பிரித்துவிட்டால் பேசும் நேரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே பிழையைத் திருத்த ஆள் இல்லை என்பதால், அதை இந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்க்க முடியாது. ஆகவே, ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் தர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பேட்ச்சின் அளவையும், அந்த அளவிலிருந்து கட்டணத்தையும் வகுப்பதே சரியான வரிசை.

அடுத்த தவறு, வகுப்புக்கு வெளியே செலவாகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. மாணவர் தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறார். அதைக் கேட்டுத் திருத்திச் சொல்ல 3 நிமிடமாவது ஆகும். 8 பேருக்கு நாளுக்கு 24 நிமிடம் என்றால், 30 நாளில் 12 மணி நேரம். ஆசிரியருக்கு மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வகுப்புகளுக்கு 12,000 ரூபாயும் திருத்தத்துக்கு 4,800 ரூபாயும் ஆகின்றன. விளம்பரத்துக்கு ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 2,400, ஜூம் முதலிய சில்லறைச் செலவு 800 சேர்த்தால், மொத்தம் 20,000 ரூபாய். தாமே பாடம் நடத்துபவரும் தம் நேரத்துக்கு இந்த 400 ரூபாயைப் போட்டுத்தான் ஆக வேண்டும். இல்லையெனில், உதவிக்கு ஓர் ஆசிரியரை அமர்த்தும் நாளில் முழுக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

20,000 ரூபாயை 8 ஆல் வகுத்தால் வரும் 2,500 ரூபாயையே கட்டணமாக வைப்பது அதற்கடுத்த தவறு, ஏனெனில் எல்லா பேட்ச்சும் நிரம்புவதில்லை. 6 பேர் மட்டுமே சேர்ந்தால் திருத்தச் செலவும் விளம்பரச் செலவும் குறைந்து, மொத்தம் 18,200 ரூபாயாகும். ஆனால் தலைக்கு ஏறக்குறைய 3,033 ரூபாய் விழும். எனவே 6 பேரை வைத்தே விலையைத் தீர்மானித்து, 3,500 ரூபாய் என்று அறிவிப்பதே பாதுகாப்பானது. பேமெண்ட் கேட்வே சுமார் 2 சதவீதமும் அதன்மீது ஜி.எஸ்.டி.யும் பிடித்துக்கொண்ட பிறகும், 6 பேர் கொண்ட பேட்ச்சில் 2,300 ரூபாய் அளவில் நிற்கும். 8 பேரும் சேர்ந்தால் 7,300 ரூபாயைத் தாண்டும்.

எப்படியும் சிலர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று எண்ணி, 8 இடத்துக்கு 12 பேரைச் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு இது மிக மோசமான கணக்காகவே படுகிறது. முதல் வாரத்தில் 12 பேரும் தவறாமல் வருவார்கள். அப்போது கூச்சமில்லாதவர் நேரத்தை எடுத்துக்கொள்ள, வாயைத் திறக்கத் தயங்குபவர், அதாவது இந்தப் பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவரே, முறை கிடைக்காமல் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாம் வாரத்தில் அவர் வருவதில்லை. பெயர் கூப்பிட்டும் தொடர்ந்து மூன்று வகுப்புகளில் பேசாதவர் யார் என்று ஒரு தாளில் குறித்து வந்தால், அடுத்து நிற்கப்போகிறவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வளர்ந்த பிறகு பலரைத் தடுமாற வைப்பது ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ஒரே பான் எண்ணில் நடக்கும் வேறு தொழில்களின் வரவும் இதில் சேரும். இத்தகைய தனியார் பயிற்சிக்கு வரி 18 சதவீதம். அதே 3,500 ரூபாயை வரி உட்பட வாங்கினால், 534 ரூபாய் வரியாகப் போய்க் கையில் நிற்பது 2,966 ரூபாய். 6 பேர் கொண்ட பேட்ச்சின் அடக்கவிலைக்கும் இது குறைவு. ஆதலால் விற்றுமுதல் 17, 18 லட்சத்தை நெருங்கும்போதே அடுத்த பேட்ச்சுகளுக்கான புதிய கட்டணத்தை அறிவித்துவிட வேண்டும். பல மாதங்களுக்கான தொகையைப் பழைய விலையில் முன்பணமாக வாங்குவதையும் அப்போதே நிறுத்திவிட வேண்டும்.