துபாய்க்குப் போனவனின் பழைய பாஸ்புக்: சேமிப்பை வெளிநாட்டுக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் எங்கள் கரையோரத்தில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவுதியிலோ மலேசியாவிலோ இருப்பார். பணத்தை ஊருக்கு எப்படி அனுப்புவது என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஊரில் கிடக்கும் பணத்தை அங்கே எடுத்துப் போவது எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும். வங்கிக் கவுண்டரில் 20 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் என்பதால் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கதைகள் என் திண்ணைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்த பெரியபட்டினத்துத் தம்பி ஒருவன் போனை நீட்டிக்கொண்டே வந்தான். துபாயில் மச்சான் வைத்திருக்கும் உதிரிபாகக் கடையில் பங்கு சேர வேண்டும், 21 லட்சம் தேவை. எல்லாம் அவன் பணம்தான். போவதற்கு முன் போட்ட எஃப்.டி. 9 லட்சம். மீதி 12 லட்சம், துபாய் சம்பளத்தில் மாதாமாதம் அனுப்பி வீட்டுச் செலவு போகச் சேர்ந்தது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பக்கத்தைத் திறந்து எல்லாம் நிரப்பி வைத்திருந்தான். கடைசிக் கட்டத்தில் 'நான் இந்தியாவில் வசிப்பவர்' என்று ஒரு உறுதிமொழி, பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். "காக்கா, இதைத் தொட்டால் போய்விடும்தானே?" என்றான்.

தொடாதே என்று போனை வாங்கி வைத்தேன். அந்த வழி எல்.ஆர்.எஸ். எனப்படும் தாராளப் பண அனுப்பும் திட்டம். நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அதில் அனுப்பலாம், ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், படிப்பு, மருத்துவம் போன்ற சில காரணங்கள் தவிர, மிஞ்சும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்று வங்கி முன்கூட்டியே பிடிக்கும். 21 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 2,20,000 ரூபாய். பின்னால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இவனுக்கு அந்தத் திட்டமே கிடையாது. டிக் போட்டிருந்தால் தன் கையாலேயே பொய் உறுதிமொழி கொடுத்தவனாகியிருப்பான்.

'நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன், ரேஷன் கார்டு இங்கேதான் இருக்கிறது, பிறகு எப்படி வசிக்காதவன் ஆவேன்' என்பான். எல்லாரும் கேட்பதுதான் இது. இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கின்றன. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா நாளை எண்ணிக்கொண்டிராது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வெளிநாடு கிளம்பிவிட்டால், அன்றிலிருந்தே நீங்கள் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர். வருமான வரிச் சட்டம் நாளைத்தான் எண்ணும். வேலைக்குக் கிளம்பும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளாவது இங்கே இருந்திருந்தால், வரிக்கு அவர் அந்த வருஷம் முழுக்க இந்தியவாசிதான்.

தம்பி மதுரையில் விமானம் ஏறியது 2023 நவம்பர் 20. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் 234 நாள். ஆக, ஃபெமாவுக்கு அவன் அன்றே வெளியூர்க்காரன், வரித்துறைக்கு 2024 மார்ச் 31 வரை உள்ளூர்க்காரன். உள்ளூர்க்காரன் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். துபாயில் வரி இல்லாத சம்பளமும் அதில் சேரும். செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, நடுவில் லீவுக்கும் வராமல் இருந்திருந்தால் 181 நாளோடு நின்றிருக்கும், துபாய்ச் சம்பளம் கணக்கிலேயே வந்திருக்காது. நல்ல சம்பளத்துக்குப் போகிறவர்கள் விசா தேதி கையில் இருந்தால் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இவனுக்கு இங்கே எட்டு மாதத்தில் சுமார் 2 லட்சம், அங்கே நாலு மாதத்தில் சுமார் 3,60,000. புதிய வரி முறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி ஒரு பைசா கிடையாது. வரி இல்லையென்றால் ரிட்டர்னும் வேண்டாம் என்று விட்டுவிட்டான். தவறு அதில்தான். சம்பளம் விழுவதற்காக 2023 டிசம்பரில் துபாயில் வங்கிக் கணக்கு திறந்திருந்தான். வரிக்கு இந்தியவாசியாக இருக்கும் வருஷத்தில் வெளிநாட்டில் கணக்கு இருந்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். அதிலுள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். அந்த அட்டவணை மட்டும் நிதியாண்டைப் பார்க்காது, டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டைப் பார்க்கும். ஜனவரியில் திறந்திருந்தால் அந்த வருஷ அட்டவணைக்குள் வந்திருக்காது.

காட்டாமல் விட்டதற்குக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. நிலம், வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் டீயைக் குடித்தான்.

அப்புறம் பாஸ்புக்கை எடுத்துவரச் சொன்னேன். இரண்டு பேரும் பென்சிலோடு உட்கார்ந்தோம். நவம்பர் 20-க்கு முந்தைய பதிவுகளுக்கு 'மு', பிந்தையவற்றுக்கு 'பி'. 'பி' எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மாதம் ஒன்றாம் வாரத்தில் துபாயில் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சிலிருந்து 75,000 வரவு, அடுத்தடுத்த நாள்களில் ஏ.டி.எம். பற்று 10,000, 10,000. கார்டு உம்மாவிடம். நடுவில் எஃப்.டி. வட்டி, வரி எதுவும் பிடிக்காமல் முழுசாக. அது எப்படி என்று கேட்டேன். கிளம்பும்போது, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் 15ஜி படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டு உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், உம்மா வருஷா வருஷம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். 15ஜி இந்தியவாசிக்கு மட்டும். வசிக்காதவர் கொடுத்தால் அதுவும் பொய் உறுதிமொழிதான்.

இவ்வளவுக்கும் காரணம் ஒன்றே ஒன்று. ஊரை விட்டுப் போன செய்தியை வங்கிக்குச் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்பியதுமே சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும், எஃப்.டி.யும் கூடவே மாறும். துபாய்ச் சம்பளத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு. என்.ஆர்.இ.யில் உள்ளது அங்கிருந்து வந்த பணம். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் உச்சவரம்பில்லாமல் திரும்ப எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ. இங்கேயே முளைத்த பணத்துக்கு. வட்டியில் 31.2 சதவீதம் பிடிப்பார்கள். எடுத்துப் போக வரம்பும் காகிதமும் உண்டு.

தம்பி அனுப்பிய 12 லட்சம் என்.ஆர்.இ.யில் விழுந்திருந்தால் ஒரு கையெழுத்தில் துபாய் போயிருக்கும். பழைய கணக்கில் ஊர்ப் பணத்தோடு கலந்ததால் அதுவும் என்.ஆர்.ஓ. பணமாகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் ரசீதைக் காட்டி, இது அங்கே சம்பாதித்தது என்று சொன்னாலும், நேரடியாக என்.ஆர்.இ.க்குத் தூக்கிப் போட முடியாது. என்.ஆர்.ஓ.விலிருந்து என்.ஆர்.இ.க்கு மாற்றலாம், ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கேட்கும் அதே காகிதங்களைக் கேட்பார்கள், அதே வரம்பிலும் கழியும்.

வரம்பைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். பயப்பட அதில் ஒன்றுமில்லை. என்.ஆர்.ஓ.விலிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரை 10 லட்சம் டாலர் எடுக்கலாம், எத்தனை வங்கியில் கணக்கு இருந்தாலும் சேர்த்துத்தான். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே எட்டரைக் கோடி. 21 லட்சம் அதில் ஒரு மூலைக்குக் காணாது. எல்.ஆர்.எஸ். இல்லாததால் டி.சி.எஸ். பிடித்தமும் இல்லை. ஆட்கள் மாட்டுவது வரம்பில் அல்ல, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இதற்கு வரி தீர்ந்ததா என்ற இரண்டு கேள்வியில்.

அவன் செய்தது இது. பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் அடையாள அட்டை, துபாய் முகவரிச் சான்று கொடுத்துக் கணக்கையும் எஃப்.டி.யையும் என்.ஆர்.ஓ. ஆக்கினான். எந்த நாட்டில் வரிக்கு வசிக்கிறேன் என்ற சுய உறுதிமொழியும் கேட்டார்கள். அதே நாளில் என்.ஆர்.இ. கணக்கு ஒன்று. கிளம்பிய தேதியை மறைக்காமல் எழுதச் சொன்னேன். பாஸ்போர்ட் முத்திரையில் இருப்பதை மறைத்து என்ன பயன்? ஆடிட்டரிடம் பென்சில் போட்ட பாஸ்புக், எஃப்.டி. ரசீது, எக்ஸ்சேஞ்ச் ரசீதுகள், சம்பளச் சீட்டு எல்லாம் போயின. 9 லட்சத்துக்கு 7 சதவீதம் வட்டி என்றால் வருஷம் 63,000. இங்கே வேறு வருமானம் இல்லாததால் வரி வராது. 15ஜி கொடுக்காமல், எஃப்.டி.யை அப்போதே என்.ஆர்.ஓ. ஆக்கியிருந்தால் வங்கி 19,656 ரூபாய் பிடித்திருக்கும், ரிட்டர்ன் போட்டு அதை அப்படியே திரும்ப வாங்கியிருக்கலாம். வீண் பொய் என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லாம் பார்த்த பிறகு, இந்தப் பணத்துக்கு வரி பாக்கி இல்லை என்று ஆடிட்டர் 15சிபி சான்று கொடுத்தார். அதை வைத்து வருமான வரித் தளத்தில் பணம் அனுப்புவதற்கான அறிவிப்பு, 15சிஏ. பிறகு வங்கியின் ஏ2 விண்ணப்பம், ஃபெமா உறுதிமொழி. படிவங்களின் எண்கள் மாறினாலும் கவுண்டரில் இந்தப் பெயர்களைச் சொன்னால் புரியும். லீவு 30 நாள், வேலை முடிய 26 நாள் ஆனது. லீவின் கடைசி வாரத்தில் தொடங்கியிருந்தால் விமானத்தைத்தான் தவற விட்டிருப்பான்.

நடுவில் ஒருநாள் பொறுமை போய், 'வங்கி இல்லாமல் உண்டியலில், அதாவது ஹவாலாவில் கொடுத்தால் நாளைக்கே அங்கே கையில் கிடைக்குமாமே' என்றான். கிடைக்கும். ஆனால் பிடிபட்டால் ஃபெமாவில் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம், 21 லட்சத்துக்கு 63 லட்சம் வரை. அதைவிட, கடையில் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று நாளைக்குத் துபாயில் கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

இப்போது சம்பளம் என்.ஆர்.இ.க்கு வருகிறது. உம்மாவின் செலவுக்கு அவர் பெயரிலேயே ஒரு கணக்கு, மாதம் பிறந்ததும் அதற்கு மாற்றிவிடுகிறான். பழைய ஏ.டி.எம். கார்டை வங்கியில் திருப்பிக் கொடுக்கப் போனபோது உம்மாவுக்கு மனசே இல்லை. ரகசிய எண்ணை ரொம்பப் பாடுபட்டு மனப்பாடம் செய்திருந்தாராம்.