கருத்து வரைபடத்துக்கு மதிப்பெண் போடும்போது கோடுகளை எண்ணாதீர்கள்

கருத்து வரைபடம் என்பது கருத்துகளைப் பெட்டிகளில் எழுதி, இணைப்புச் சொல் தாங்கிய கோடுகளால் சேர்க்கும் படம். அதைத் திருத்துவதற்கு இன்றும் அதிகம் புழங்குவது ஜோசப் நோவாக், பாப் கோவின் இருவரும் 1984-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை. சரியான ஒவ்வொரு இணைப்புக்கும் 1, சரியான ஒவ்வொரு படிநிலைக்கும் 5, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகும் குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. கூட்டல் தப்பாவதெல்லாம் சின்ன விஷயம், மறு பார்வையில் சரியாகிவிடும். ஆளைக் கவிழ்ப்பது அந்தப் பத்துதான்.

குறுக்கே கோடு கண்டால் பத்து

பெங்களூருவில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ‘நம் ஊர்க் குடிநீர்’ என்று வரைந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் குடிநீர். அதன் கீழே மூலங்களாகக் காவிரி நீர், நிலத்தடி நீர். காவிரிக்குக் கீழே, தண்ணீர் சுத்திகரிக்கப்படும் தொரெகாடனஹள்ளி. நிலத்தடி நீருக்குக் கீழே திறந்த கிணறு, ஆழ்துளைக் கிணறு, மழை. ஆக 6 இணைப்புகள், உச்சியை விட்டுவிட்டால் 2 படிநிலைகள். இவற்றோடு மூன்று குறுக்கு இணைப்புகள்:

1. ஆழ்துளைக் கிணறு – தொடர்புடையது – காவிரி நீர்
2. தொரெகாடனஹள்ளி – போலவே மின்சாரம் தேவைப்படுவது – ஆழ்துளைக் கிணறு
3. காவிரி நீர் – வராத பகுதிகளில் அதிகம் உறிஞ்சப்படுவது – நிலத்தடி நீர்

அவசரக்காரர் கணக்கு 6 + 10 + 30 = 46. ஆசிரியர் தானே வரைந்து மதிப்பிட்ட மாதிரி வரைபடம் 40 என்றால், பையனுக்கு 115 சதவீதம். மாதிரியை ஒரு மாணவன் மிஞ்சுவது இந்த முறையில் நடக்கக்கூடியதுதான், ஆனால் நூறைத் தாண்டினாலே குறுக்கு இணைப்புகளைத் திரும்பப் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தால் என்ன தெரிகிறது? முதல் இணைப்பு எதையும் சொல்லவில்லை. ‘தொடர்புடையது’ என்ற சொல்லை எந்த இரண்டு பெட்டிக்கு நடுவே வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு 0. இரண்டாவது உண்மைதான், இரண்டு இடத்திலும் மோட்டார் ஓடுகிறது. ஆனால் அதனால் காவிரியைப் பற்றியோ நிலத்தடி நீரைப் பற்றியோ புதிதாக எதுவும் புரிவதில்லை. சரியாக இருந்தும் இரு பக்கத்தையும் சேர்த்து யோசிக்காத இணைப்புக்கு அந்த முறையிலேயே 2 என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது, யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவதுதான் பத்துக்கு உரியது. ஒரு மூலம் எட்டாத இடத்தில் இன்னொரு மூலத்தின் மேல் சுமை ஏறுகிறது என்பது, இரண்டு கிளையும் தலைக்குள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் எழுத வரும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி டேங்கருக்கு அலைந்த ஊர்ப் பிள்ளை கண்ணால் பார்த்தது அது.

ஆக 6 + 10 + 12 = 28, அதாவது 70 சதவீதம். பதினெட்டு மதிப்பெண் வித்தியாசமும் இரண்டே இரண்டு கோடுகளில் வந்தது. இதைவிட எரிச்சலூட்டுவது அடுத்து நடப்பது. கோட்டுக்குப் பத்து என்று வகுப்பு மோப்பம் பிடித்துவிட்டால், அடுத்த தேர்வில் தாள் முழுக்கச் சிலந்தி வலைதான்.

செய்ய வேண்டியது இது: வரைபடத்தின் நகலில் ஒவ்வொரு கோட்டுக்கும் எண் போடுங்கள். பெட்டி, இணைப்புச் சொல், பெட்டி மூன்றையும் சேர்த்து ஒரு வாக்கியமாகத் தனித்தாளில் எழுதுங்கள். மதிப்பெண்ணை வாக்கியத்துக்குப் போடுங்கள், படத்துக்குப் போடாதீர்கள். குறுக்கு இணைப்புக்கு ஒருமுறை கொடுத்தபின் சாதாரண இணைப்பாகவும் எண்ணி இன்னொரு 1 சேர்க்க வேண்டாம்.

ஏணியைப் படிநிலை என்று நம்புவது

காவிரி, நீரேற்று நிலையம், தேக்கத் தொட்டி, வீட்டுச் சம்ப், மாடித் தொட்டி, குழாய் என்று ஒருத்தி மேலிருந்து கீழாக வரைந்தால், உச்சி போக ஐந்து படி, 25 மதிப்பெண் என்று கை ஓடும். அது தண்ணீர் வரும் வழி, படிநிலை இல்லை. படிநிலையில் மேலே இருப்பது பொதுவானது, கீழே இருப்பது அதன் வகை அல்லது கூறு. சம்ப் எந்த வகையிலும் நீரேற்று நிலையத்தின் கூறு ஆகாது. ஐந்து இணைப்புகளுக்கு ஐந்து மதிப்பெண் தாராளமாகக் கொடுங்கள், படிநிலைக்கு எதுவும் இல்லை.

வண்ணம், கையெழுத்து

மதிப்பெண் கிடையாது.

அம்புக்குறியை மட்டும் நம்பித் தப்பு போடுவது

இது தமிழில் எழுதும் பிள்ளைகளிடம் வரும் சிக்கல். மேலே சொன்ன பையன் ‘நிலத்தடி நீர் → தருகிறது → மழை’ என்று எழுதியிருந்தான். நிலத்தடி நீர் மழையைத் தருகிறது என்று படித்துச் சுழித்துவிடத் தோன்றும். தமிழில் ‘நிலத்தடி நீரைத் தருகிறது மழை’ என்பதும் இயல்பான வாக்கியம், வேற்றுமை உருபு பெட்டிக்குள் நுழையாமல் போனதுதான் குறை. பெட்டிக்குள் பெயர்ச்சொல்லை மட்டும் எழுதச் சொன்னது நாம்தானே. வாக்கியத்தை முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள், அரை நிமிடம் ஆகும். ‘நீரை’ என்று சொன்னால் 1 கொடுத்து, அம்பைத் திருப்பி வரையச் சொல்லுங்கள். ‘மழையை’ என்று சொன்னால் 0.