துணி ரோலுக்கு பாயிண்ட் போடுவது எப்படி: கட்டிங்குக்கு முன் நான்கு பாயிண்ட் சோதனை

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வரும் ஒரு நிட் ரோலை எடுத்துக்கொள்வோம். அகலம் 60 இன்ச், நீளம் 80 கெஜம். ஒரு லாட்டில் பத்தில் ஒரு பங்கு ரோல்களைப் பார்ப்பது பொதுவான வழக்கம். புதிய மில்லின் சரக்கு என்றால் நான் இன்னும் கூடுதலாகவே பார்ப்பேன்.

முதலில் ரோலை செக்கிங் மிஷினில் ஏற்றி, கண்ணால் தொடர முடிகிற வேகத்தில் ஓட விடுங்கள். மேல் விளக்கோடு, துணிக்குப் பின்னால் இருக்கும் விளக்கையும் போடுங்கள். ஓட்டையும், ஊசிக் கோளாறால் துணியில் நீளவாக்கில் விழும் கோடான நீடில் லைனும் பின் வெளிச்சத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

குறை கண்ணில் பட்டதும் மிஷினை நிறுத்தி, டேப்பால் அதன் நீளத்தை அளக்க வேண்டும். 3 இன்ச் வரை 1 பாயிண்ட், அதற்கு மேல் 6 வரை 2, 9 வரை 3, 9-ஐத் தாண்டினால் 4. ஓட்டைக்குக் கணக்கு வேறு: 1 இன்ச் வரை 2, அதைவிடப் பெரிது என்றால் 4. அளந்த கையோடு துணி ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடுகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: ஒரு கெஜத்தில் எத்தனை குறை இருந்தாலும் 4 பாயிண்டுக்கு மேல் போடக்கூடாது. விடாமல் ஓடும் குறைக்கு, அது ஓடுகிற ஒவ்வொரு கெஜத்துக்கும் 4.

நம் ரோலில் 11 கெஜத்துக்கு ஒரு நீடில் லைன் ஓடுகிறது: 44 பாயிண்ட். வேறு இடங்களில் 2 இன்ச் நீளத்தில் தடித்த நூல் நான்கு: 4. அரை இன்ச் ஓட்டை ஒன்று: 2. நீடில் லைன் ஓடும் பகுதியிலேயே, 5 இன்ச் நீள எண்ணெய்க் கறை இரண்டு இருக்கின்றன. அந்தக் கெஜங்களில் ஏற்கெனவே 4 விழுந்துவிட்டதால் கறைக்குத் தனியாக ஒன்றும் இல்லை. ஆக மொத்தம் 50.

அப்புறம் இதை 100 சதுர கெஜத்துக்கு மாற்ற வேண்டும்:

```
மொத்த பாயிண்ட் × 3600 ÷ (நீளம் கெஜத்தில் × அகலம் இன்ச்சில்)
50 × 3600 ÷ (80 × 60) = 37.5
```

பல பையர்கள் வைக்கும் வரம்பு 40, சிலர் இன்னும் குறைவாக வைப்பார்கள். அதை ஆர்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 40 என்றால் நம் ரோல் பாஸ். கறைகளுக்கும் பாயிண்ட் போட்டிருந்தால் 40.5 வந்து, நல்ல ரோலைத் திருப்பி அனுப்பியிருப்போம்.

பாஸ் ஆனாலும் அந்த 11 கெஜத்தை லேயில் அப்படியே விரிக்கக்கூடாது. தனியாக வெட்டி எடுத்து, கோடு விழாத பக்கத்தில் சின்ன பாகங்கள் தேறுமா என்று பாருங்கள்.

ஷேடு வித்தியாசமும், ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையான ஜி.எஸ்.எம். குறைவும் இந்தப் பாயிண்டில் வராது. ரோலின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் ஒரு துண்டு வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஷேடு பாருங்கள். அதே துண்டுகளில் ஜி.எஸ்.எம். எடுத்து ரோல் கார்டில் எழுதிவிடலாம்.